செப்டம்பருக்கு ஒரு கணக்கு, முகூர்த்தத்துக்கு ஒரு கணக்கு

தென்மேற்கு லண்டனின் கோலியர்ஸ் வுட்டிலிருந்து நார்தர்ன் லைனில் ஒரு ஸ்டேஷன் போனால் டூட்டிங் பிராட்வே. யாழ்ப்பாணத்திலிருந்து நாற்பது வருஷத்துக்கு முன்பு வந்த குடும்பங்களும், தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் ஆஸ்பத்திரி வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் வந்த குடும்பங்களும் புழங்கும் வட்டாரம் இது. மகளுக்குப் பணம் சேர்ப்பது என்றால் இந்த வீடுகளில் பழகிப்போன வழிகள் மூன்று: நகைக்கடையில் பவுன், தெரிந்தவரிடம் சீட்டு, பேங்கில் வைப்பு. நாலாவதாக, அலுவலகத்து நண்பர் சொன்னார் என்று பங்குச்சந்தை நிதியில் மாதாமாதம் போடுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். எதில் போடுவது என்று விசாரிக்கிறவர்கள் அதிகம். போட்டதை எப்போது, எந்த வேகத்தில் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. இலக்கு பத்து வருஷம் தள்ளி இருக்கும்போது இரண்டாவது கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

பத்து வருஷம் சங்கடமான காலம். பேங்கிலேயே வைத்திருந்தால் விலைவாசி அரித்துவிடும். 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டதை இங்கே வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் கட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால், பங்குச்சந்தையில் போட்டுவிட்டு கண்ணை மூடிக்கொள்ளவும் பத்து வருஷம் போதாது. லண்டனின் எஃப்டிஎஸ்இ 100 குறியீடு 1999 டிசம்பர் 30 அன்று 6,930இல் முடிந்தது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2009 முடிவில், அது 5,412. இடையில் வந்த டிவிடெண்டைச் சேர்த்தால் இழப்பு ஈடாகியிருக்கும், அதற்குமேல் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. மும்பையில் 2008 ஜனவரியில் 20,873இல் இருந்த சென்செக்ஸ், அடுத்த 14 மாதத்தில் 8,160க்கு வந்தது. பின்னால் இரண்டு சந்தையும் மீண்டன என்பது உண்மை. 2009 மார்ச்சில் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அந்த உண்மை உதவவில்லை.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2026இல் மூத்த மகளுக்கு 15 வயது, இளையவளுக்கு 8. இளையவள் பத்து வருஷத்தில், 2036 செப்டம்பரில், பல்கலைக்கழகம் போவாள். மூத்தவளுக்கு அப்போது 25. கல்யாணத்துக்கு ஒரு தொகை அந்த வயதையொட்டி வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். மூத்தவளின் படிப்புக்கு இன்னும் மூன்றே வருஷம்தான். அதற்கான பணம் பேங்கில் இருக்கிறது, பங்குச்சந்தைக்கு அதில் வேலை இல்லை. இரண்டு இலக்குக்கும் தூரம் ஒன்று என்பதால் ஒரே கணக்கில் போட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது. படிப்புக்குத் தேதி உண்டு, அதைத் தள்ளிப்போட முடியாது. கல்யாணத்துக்கு இப்போது தேதியே இல்லை.

முதலில் படிப்பு. இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டணம் 2025-26இல் வருஷத்துக்கு 9,535 பவுண்டு. மூன்று வருஷத்துக்கும் இதைச் சேர்க்க வேண்டும் என்று பயந்து பல குடும்பங்கள் மிகப் பெரிய இலக்கை வைத்துக்கொள்கின்றன. உண்மையில் தகுதியுள்ள மாணவருக்கு அந்தக் கட்டணம் முழுவதும் அரசுக் கடனாகக் கிடைக்கும்; பெற்றோரின் வருமானத்தை அதற்குப் பார்ப்பதில்லை. 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்கள், சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம் என்று, 40 வருஷம் வரை திருப்பிக் கட்டுகிறார்கள். பெற்றோரின் பாக்கெட்டைத் தொடுவது வாழ்க்கைச் செலவுக்கான கடன். அது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. லண்டனுக்கு வெளியே விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 2025-26இல் அதிகபட்சம் 10,544 பவுண்டு. வருமானம் கூடிய வீட்டுப் பிள்ளைக்கு 4,915தான். வித்தியாசத்தைப் பெற்றோர் கொடுப்பார்கள் என்பது அரசின் எதிர்பார்ப்பு. வருஷத்துக்குச் சுமார் 5,600 என்றால் மூன்று வருஷத்துக்குச் சுமார் 17,000 பவுண்டு. இருவரும் வேலைக்குப் போகும் நடுத்தரக் குடும்பம் சேர்க்க வேண்டிய தொகை இதுதான். நிரந்தரக் குடியிருப்பு பெறாமல் வேலை விசாவிலேயே இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கடன்கள் பொதுவாகக் கிடைக்காது. அவர்களுடைய கணக்கு வேறு, இலக்கும் பல மடங்கு பெரியது.

இன்றைய 17,000 பவுண்டு, விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் 2036இல் சுமார் 23,000 ஆகும். மாதம் 150 பவுண்டு போட்டு, செலவு போக சராசரியாக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் பத்து வருஷத்தில் அந்தத் தொகை வந்துவிடும். 2 சதவீதமே வளர்ந்தால் கையில் இருப்பது 20,000க்குச் சற்றுக் குறைவு. 5 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பங்கு நிதியின் பங்கு கணிசமாக இருந்தால்தான் அதை எதிர்பார்க்கவே முடியும். ஆகவே தொடக்கத்தில் 80 சதவீதம் உலகப் பங்குகளைப் பின்பற்றும் இன்டெக்ஸ் நிதி, 20 சதவீதம் வைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஆபத்தை அளக்க வேண்டும். எத்தனை சதவீதம் விழும் என்று கேட்பதைவிட, விழுந்தால் எத்தனை மாதத் தவணை போகும் என்று கேட்பது குடும்பத்துக்குத் தெளிவான விடை தரும். 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23க்குள் எஃப்டிஎஸ்இ 100 சுமார் 35 சதவீதம் விழுந்தது. அதையே அளவுகோலாக வைப்போம். இரண்டு வருஷம் முடியும்போது கணக்கில் சுமார் 3,800 பவுண்டு இருக்கும். அப்போது அப்படி ஒரு வீழ்ச்சி வந்தால், 80 சதவீதம் பங்கில் இருக்கும் நிலையில், போவது ஏறக்குறைய 1,050 பவுண்டு: ஏழு மாதத் தவணை. இன்னும் 96 மாதம் இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை, மலிந்த விலையில் அடுத்த தவணைகள் அதிக யூனிட் வாங்கும். ஒன்பதாம் வருஷ முடிவில் அதே 80 சதவீதத்தோடு அதே வீழ்ச்சி வந்தால், 20,400 பவுண்டில் 5,700 போய்விடும். அது 38 மாதத் தவணை; மிச்சம் இருப்பதோ 12 மாதம். சந்தை செய்தது ஒன்றேதான். கணக்கு பெருத்துவிட்டதும் காலம் சுருங்கிவிட்டதும்தான் மாறியவை.

இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. பெரிய வீழ்ச்சியில் இழக்கக்கூடிய தவணைகளின் எண்ணிக்கை, மீதமுள்ள மாதங்களைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கடைசிக் கட்டத்தில் தவணையை இரட்டிப்பாக்கியாவது குடும்பம் அதை ஈடுகட்டிவிடலாம். 80 சதவீதப் பங்கை அப்படியே விட்டால், ஏழாம் வருஷ முடிவில் இழப்பு 28 மாதம், மீதி 36 மாதம்: சமாளிக்கலாம். எட்டாம் வருஷ முடிவில் இழப்பு 33 மாதம், மீதி 24: சோதனையில் தோற்றுவிடுகிறது. ஆகவே எட்டாம் வருஷத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் இறங்கினால் அந்த நாளின் விலையோடு எல்லாம் முடிந்துபோகும் என்பதால் ஐந்தாம் வருஷம் முடிந்ததும் தொடங்கிப் படிப்படியாக இறங்குவது நல்லது. 2031 செப்டம்பர் வரை 80. 2032இல் 65, 2033இல் 50, 2034இல் 35, 2035இல் 20. இந்த வரிசையில் 2035இல் அதே வீழ்ச்சி வந்தால் இழப்பு 1,430 பவுண்டு, அதாவது ஒன்பதரை மாதத் தவணை. மீதி 12 மாதம். 2008இல் சென்செக்ஸ் விழுந்தது போல 60 சதவீதம் போனால் இந்தச் சோதனையும் பொய்க்கும். அப்போதும் 80 சதவீதத்தோடு நின்றவரைவிட இறங்கி வந்தவரின் குறை நாலில் ஒன்றுதான்.

இறங்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. முதலில் புதுத் தவணை முழுவதையும் பத்திரமான பக்கம் திருப்ப வேண்டும். அது போதாதபோது மட்டும் யூனிட்டுகளை விற்க வேண்டும். தேதியை முன்பே குறித்துவிட வேண்டும். பள்ளி திறக்கும் செப்டம்பர் முதல் வாரம் மறக்காத தேதி. தேதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தை ஏறும்போது, "இப்பத்தானே ஏறுது, இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" என்பார்கள். விழுந்ததும், "போட்டது வரட்டும், பிறகு எடுப்பம்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் படி இறங்குவது நின்றுபோகும்.

விழுந்த சந்தையில் விற்கலாமா என்ற தயக்கத்துக்குக் கணக்கே பதில் சொல்கிறது. 2033இல் பாதிக்குப் பாதி வைத்திருந்து, பங்குகள் 35 சதவீதம் விழுந்தன என்று வைப்போம். நூறில் ஐம்பதாக இருந்தது முப்பத்திரண்டரை ஆகிவிட்டது, மொத்தம் எண்பத்திரண்டரை. அதில் பங்கின் அளவு இப்போது 39 சதவீதம். அடுத்த படி 35 சதவீதம். விற்க வேண்டியது நாலு சதவீதத்துக்கும் சற்று மேல், அதைப் புதுத் தவணைகளே பெரும்பாலும் சரிசெய்துவிடும். சந்தை நன்றாக ஏறிய வருஷத்தில்தான் அதிகம் விற்க வேண்டிவரும்.

பத்திரமான பக்கம் என்று எதைச் சொல்வது? பிரிட்டனில் இதற்கு ஒரு பெரிய நாட்டளவிலான பாடம் இருக்கிறது. 2002 செப்டம்பர் 1 முதல் 2011 ஜனவரி 2 வரை பிறந்த பிள்ளைகளுக்கு அரசு சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்ற கணக்கைக் கொடுத்தது. தொடக்கத்தில் 250 பவுண்டு, வருமானம் குறைந்த வீட்டுக்கு 500. அதில் ஸ்டேக்ஹோல்டர் என்ற வகைக்குக் கட்டணம் ஆண்டுக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைக்கு 13 வயதானதும் பங்குகளிலிருந்து ஆபத்துக் குறைந்த முதலீடுகளுக்குப் படிப்படியாக மாற்றத் தொடங்க வேண்டும் என்பது விதி. பெற்றோர் கணக்குத் திறக்காமல் விட்டால் அரசே இந்த வகையில் திறந்துகொடுத்தது. கடைசி ஐந்து வருஷம் படியிறங்குவது என்ற கருத்து இங்கே சட்டமாகவே இருந்தது.

முதல் கணக்குகள் 2020 செப்டம்பரில் முதிர்ந்தன. அந்த மார்ச்சில்தான் சந்தை மூன்றில் ஒரு பங்கு இழந்திருந்தது. படியிறங்கி வந்த பிள்ளைகளுக்கு அடி குறைவாகப் பட்டிருக்கும். ஆனால் 2022 வேறு மாதிரி. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த வட்டியை ஒரே வருஷத்தில் 3.5க்கு ஏற்றியது. செப்டம்பர் 23ஆம் தேதி பட்ஜெட்டுக்குப் பின் அரசுக் கடன்பத்திரச் சந்தையே ஆட்டங்கண்டு, மத்திய வங்கி 28ஆம் தேதி தலையிட வேண்டியிருந்தது. கில்ட் எனப்படும் பிரிட்டிஷ் அரசுக் கடன்பத்திரங்கள் அந்த வருஷம் மொத்தமாகச் சுமார் 24 சதவீதம் மதிப்பிழந்தன. நீண்ட காலப் பத்திரங்கள் இன்னும் மோசம். 18ஐ நெருங்கும் பிள்ளையின் பணம் பங்கிலிருந்து எடுக்கப்பட்டு நீண்ட கால கில்ட் நிதியில் வைக்கப்பட்டிருந்தால், பத்திரம் என்று நம்பிய பக்கமே சரிந்திருக்கும்.

அரசு பணத்தைக் கொடுக்காமல் விட்டுவிடவில்லை; பிழை அங்கே இல்லை. வட்டி ஏறும்போது பழைய குறைந்த வட்டிப் பத்திரத்தின் விலை இறங்கும். முதிர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, இறக்கம் அவ்வளவு அதிகம். தனி ஒரு கில்ட்டை வாங்கி முதிர்வு நாள்வரை வைத்திருந்தால், இடையில் விலை எங்கே போனாலும் கடைசியில் சொன்ன தொகை வரும். கில்ட் நிதிக்கு முதிர்வு நாளே கிடையாது. பழைய பத்திரத்தை விற்றுப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பதால் அதன் தூரம் குறைவதில்லை. மகளின் கல்லூரி மட்டும் நெருங்கிக்கொண்டே வரும். ஆகவே ஒரு கடன்பத்திர நிதியின் தகவல் தாளில் பார்க்க வேண்டிய எண், டியூரேஷன். அது 10 என்றால், வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறும்போது விலை சுமார் 10 சதவீதம் இறங்கும். மூன்று வருஷத்தில் வேண்டிய பணத்தை டியூரேஷன் 3க்கு மேல் உள்ள நிதியில் வைப்பதற்குக் காரணம் இல்லை.

படிப்புப் பணம் ஒரே நாளில் செலவாவதும் இல்லை. 2036, 2037, 2038 என்று மூன்று செப்டம்பர்கள் உண்டு. முதல் வருஷத்துக்கானது 2035இலேயே பேங்க் வைப்பில் இருக்க வேண்டும். இரண்டாவதுக்கு அந்தத் தேதிக்குச் சற்று முன் முதிரும் வைப்போ கில்ட்டோ போதும். மிச்சமிருக்கும் 20 சதவீதப் பங்கு மூன்றாம் வருஷத்துக்கானது. அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பேங்க் வைப்புக்கு, 2025 டிசம்பர் 1 முதல், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,20,000 பவுண்டு வரை நட்டஈட்டுப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தவர் நடத்தும் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிடித்தவர் ஊரைவிட்டுப் போனால் கேட்க இடமும் இல்லை. ஒரு வருஷச் சீட்டில் இந்த ஆபத்தைச் சிலர் ஏற்கலாம். பத்து வருஷ இலக்கைச் சீட்டின் மேல் சீட்டாகச் சேர்ப்பது அதே ஆபத்தைப் பலமுறை எடுப்பது.

இந்தப் படிப்புக் கணக்குக்கு ஜூனியர் ஐசா பொருந்தும். 2011 நவம்பரில் வந்த இந்தக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை போடலாம். வட்டிக்கும் இலாபத்துக்கும் வரி இல்லை, படியிறங்க விற்கும்போதும் வரி இல்லை. பங்கு வகையிலிருந்து பேங்க் வகைக்கு மாற்றவும் முடியும். ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்தே ஏற்க வேண்டும்: பணம் மகளுடையது. 18 வயதுவரை யாரும் தொட முடியாது. 18 ஆனதும் அவள் என்ன செய்தாலும் பெற்றோர் தடுக்க முடியாது.

அதனாலேயே கல்யாணப் பணம் ஜூனியர் ஐசாவில் இருக்கக் கூடாது. அது பெற்றோரின் சொந்த ஐசாவில் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரம்பு. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபடி 2027 ஏப்ரல் முதல் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் அதில் 12,000 மட்டுமே பேங்க் ஐசாவில் போடலாம். பங்கு ஐசாவிலிருந்து பேங்க் ஐசாவுக்கு மாற்றுவதற்கும் தடை வருகிறது. படியிறங்க நினைப்பவரை இது நேரடியாகப் பாதிக்கும். பத்து வருஷம் பங்கில் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒரு மாற்றுப் படிவம் போடலாம் என்ற திட்டம் இனி எடுபடாது. புதுத் தவணையை முன்கூட்டியே பேங்க் ஐசாவுக்குத் திருப்பி, பத்திரமான பக்கத்தை அங்கேயே வளர்த்துக்கொண்டு வர வேண்டும்.

கல்யாணத்துக்குத் தேதி இல்லை என்பது படியிறங்குவதைச் சிக்கலாக்குகிறது. பேச்சு முடிந்து நாள் குறித்த பிறகு பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். அந்தக் காலத்தில் படிப்படியாக இறங்க இடமில்லை. தேதிக்குக் காத்திருக்காமல் மகளின் வயதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூத்தவளுக்கு 24க்கு முன் கல்யாணம் இருக்காது என்று வீட்டில் எண்ணினால், 20 வயதிலிருந்து 24க்குள், எப்படியும் வேண்டும் என்று குறித்த அடிப்படைத் தொகையை மட்டும் பத்திரப்படுத்த வேண்டும். பெற்றோரின் கனவு 30,000 பவுண்டு என்று வைப்போம். ஹாலும் சாப்பாடும் அடக்கமாக நடத்த 15,000 போதும் என்றால், படியிறங்குவது அந்த 15,000க்கு. மிச்சம் நாள் குறிக்கும்வரை பங்கிலேயே இருக்கலாம். சந்தை விழுந்திருந்தால் விருந்தினர் பட்டியல் சுருங்கும், அல்லது தேதி தள்ளும். அவள் முப்பதில் கட்டினாலும், கட்டாமலே வீடு வாங்கினாலும் அந்தப் பாதி வளர்ந்துகொண்டிருக்கும். படிப்புக் கணக்குக்கு இந்த நெகிழ்வு இல்லை.

நகை தனிக் கணக்கு. தாலிக்கொடி இத்தனை பவுனில் என்று வீட்டில் முடிவாகியிருந்தால், அந்தச் செலவு பவுண்டில் இல்லை, தங்கத்தில் இருக்கிறது. தங்கம் ஏறினால் செலவும் ஏறும். ஆகவே அந்த அளவுக்குத் தங்கம் வைத்திருப்பது சூதாட்டம் ஆகாது. ஆனால் அந்த அளவோடு நிற்க வேண்டும். 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரை ஒட்டியிருந்த தங்கம் 2015 டிசம்பரில் 1,050 அளவுக்கு இறங்கியது. 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. நிலையான பொருள் என்ற பெயருக்கு இது ஒத்துவராத வரலாறு. சேர்க்கிற காலத்தில் நகையாக வாங்குவதும் நட்டம்: பிரிட்டனில் நகைக்கு 20 சதவீத வாட் வரி, அதோடு செய்கூலி, சேதாரம், பத்து வருஷத்தில் மாடலும் பழசாகிவிடும். 22 கேரட்டில் 7.98 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் சாவரின் காசுக்கு வாட் இல்லை, விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. காசாகச் சேர்த்துக் கல்யாண வருஷத்தில் நகையாக மாற்றினால் கூலியும் வரியும் ஒருமுறைதான். வீட்டில் வைப்பதற்கு முன் வீட்டு இன்ஷூரன்ஸில் தங்கத்துக்கு எவ்வளவு வரம்பு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் ஊரிலேயே மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி தொடர்வது வழக்கம். பிரிட்டனில் வரி கட்டுகிறவருக்கு இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்திய நிதிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வரித்துறையின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால், அவற்றை விற்கும் இலாபம் மூலதன ஆதாயமாகக் கருதப்படாமல் வருமானமாக வரிக்கு உள்ளாகும். மூலதன ஆதாயத்துக்கு உள்ள 3,000 பவுண்டு விலக்கு அங்கே கிடைக்காது, 40 சதவீத வரம்பில் இருப்பவர் 40 சதவீதமே கட்ட வேண்டும். ஒவ்வொரு படியிறங்கலிலும் விற்க வேண்டியிருப்பதால், இந்தத் திட்டத்துக்கு அது பொருந்தாத இடம். பெண் குழந்தைகளுக்கான இந்திய அரசின் சுகன்யா சம்ரிதி கணக்கு, இந்தியாவில் வசிப்பவர்களுக்கே உரியது.

கல்யாண நாள் குறிக்கப்பட்ட பின் பெற்றோர் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. கல்யாணத்தையொட்டித் தாய், தந்தை ஒவ்வொருவரும் மகளுக்குக் கொடுக்கும் 5,000 பவுண்டு வரையிலும், தாத்தா பாட்டி ஒவ்வொருவரும் கொடுக்கும் 2,500 வரையிலும் வாரிசு வரிக் கணக்கில் சேராது. கல்யாணத்துக்கு முன்போ அன்றோ கொடுத்ததாக இருக்க வேண்டும். பேங்க் மூலம், தேதியோடு, காரணத்தை எழுதி அனுப்பினால் பிற்காலத்தில் அதைக் காட்டுவது எளிது.